வெல்லம், தேன், பனைவெல்லம்: உணவுக்குப் பிந்தைய ரத்தச் சர்க்கரை வெள்ளைச் சர்க்கரையைவிடக் குறைவாக உயருமா?

நீரிழிவு உறுதியானதும் பல வீடுகளில் முதலில் நிகழும் மாற்றம் ஒன்றுண்டு. சமையலறையிலிருந்து வெள்ளைச் சர்க்கரை வெளியேறி, அந்த இடத்தில் வெல்லமோ தேனோ கருப்பட்டியோ வந்து அமர்கிறது. தேநீரின் இனிப்பு குறைவதில்லை, பாயசமும் நிற்பதில்லை. "இது இயற்கையானது, ரத்தத்தில் மெதுவாகத்தான் சேரும்" என்ற நம்பிக்கை மட்டும் கூடுகிறது. மூன்று மாதங்கள் கழித்து பரிசோதனை முடிவு வரும்போது, சர்க்கரையை அறவே விட்ட பிறகும் அளவு ஏன் குறையவில்லை என்ற கேள்வி எழுகிறது.

இந்தியாவில் இக்கேள்விக்கு உரியவர்கள் மிகப் பலர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, நீரிழிவு உள்ளோர் எண்ணிக்கையை சுமார் 10.1 கோடி என்றும், அதற்கு முந்தைய நிலையில் உள்ளோரை சுமார் 13.6 கோடி என்றும் மதிப்பிட்டது. இவர்களுக்கு இந்த மாற்று இனிப்புகள் உண்மையில் எந்த அளவுக்கு உதவும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நான்கிலும் இருப்பது என்ன?

வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் இணைந்த மூலக்கூறே சுக்ரோஸ். சிறுகுடலின் உட்சுவரில் உள்ள நொதி இந்த இணைப்பை அறுத்த பின்னரே இரண்டும் ரத்தத்தில் சேர்கின்றன. உணவுக்குப் பின் குளுக்கோமீட்டர் காட்டும் எண் குளுக்கோஸின் அளவு மட்டுமே. ஃபிரக்டோஸை அது கணக்கில் எடுப்பதில்லை.

கரும்பு வெல்லத்திலும் பெரும்பகுதி இதே சுக்ரோஸ்தான். கரும்புச்சாற்றைக் கொதிக்க வைக்கும்போது சுக்ரோஸின் ஒரு பகுதி பிரிந்துவிடுவதால், வெல்லத்தில் தனி குளுக்கோஸும் தனி ஃபிரக்டோஸும் சிறிதளவு இருக்கும். எஞ்சியவை ஈரப்பதமும் தாது உப்புகளும். 100 கிராம் வெல்லத்தில் மாவுச்சத்து சுமார் 85 கிராம். பனைவெல்லம் எனப்படும் கருப்பட்டி, வங்காளத்தில் ஈச்ச மரச் சாற்றிலிருந்து காய்ச்சப்படும் நோலன் குர், தென்னம்பாளையின் பதநீரிலிருந்து கிடைக்கும் தென்னஞ்சர்க்கரை ஆகியவற்றிலும் முதன்மைச் சர்க்கரை சுக்ரோஸே. பனங்கற்கண்டு இன்னும் ஒரு படி மேல்: பதநீர்ப் பாகிலிருந்து படிகமாகத் திரண்டு வருவதால் அது பெரும்பாலும் சுக்ரோஸ் மட்டுமே.

தேனின் அமைப்பு வேறு. மலரின் சுக்ரோஸைத் தேனீக்களின் நொதி முன்னதாகவே பிரித்துவிடுகிறது. ஆகவே 100 கிராம் தேனில் சராசரியாக 38 கிராம் ஃபிரக்டோஸும் 31 கிராம் குளுக்கோஸும் தனித்தனியே இருக்கின்றன. மால்டோஸ் போன்ற பிற சர்க்கரைகளையும் சேர்த்தால் மொத்த மாவுச்சத்து சுமார் 82 கிராம். எஞ்சியதில் பெரும்பகுதி நீர்.

வெல்லத்தின் நிறமும் மணமும் தாது உப்புகளும் சுக்ரோஸ் பிரிவதைத் தடுப்பதில்லை. உறிஞ்சுதலைத் தாமதப்படுத்தும் அளவுக்கு நார்ச்சத்தும் அதில் இல்லை. பருப்பிலோ முழுத் தானியத்திலோ மாவுச்சத்தைச் சுற்றி ஒரு செல்சுவர் இருக்கும். செரிமானம் மெதுவாக நடப்பது அதனால்தான். சாற்றைப் பிழிந்து, வடிகட்டி, காய்ச்சிய எந்த இனிப்பிலும் அந்தச் சுவர் எஞ்சுவதில்லை. நீரில் கரையும் வேகத்தைப் பார்த்தாலே இது விளங்கும்.

கிளைசெமிக் குறியீடு சொல்வதும் சொல்லாததும்

விளம்பரங்கள் பெரிதும் எடுத்துக்காட்டுவது கிளைசெமிக் குறியீட்டைத்தான். இது கணக்கிடப்படும் முறை எளிது. நல்ல உடல்நலம் உள்ள குறைந்தது 10 பேருக்கு, 50 கிராம் மாவுச்சத்து அடங்கிய அளவில் ஓர் உணவை வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். அடுத்த 2 மணி நேரம் ரத்த குளுக்கோஸ் எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைபடம் எடுப்பார்கள். தூய குளுக்கோஸ் கொடுத்தபோது கிடைத்த வரைபடத்தின் பரப்பை 100 என்று கொண்டு, இந்த உணவின் பரப்பு அதில் எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள்.

இம்முறையில் வெள்ளைச் சர்க்கரையின் குறியீடு சுமார் 65. அதில் பாதி ஃபிரக்டோஸ் என்பதே 100-ஐ எட்டாததற்குக் காரணம். வெல்லத்திற்குக் கிடைத்த அளவீடுகள் இதைவிடக் குறைவு என்று காட்டவில்லை. வெள்ளைச் சர்க்கரையைவிடக் கூடுதலாக, 80-ஐத் தாண்டிய மதிப்பும் பதிவாகியுள்ளது.

தேனுக்கு ஒரே எண் கிடையாது. எந்த மலரின் தேன் என்பதைப் பொறுத்து 30-களில் தொடங்கி 80-களுக்கு மேல் வரை மதிப்புகள் பதிவாகியுள்ளன. ஃபிரக்டோஸ் மிகுந்த தேனுக்குக் குறியீடு குறையும். குளுக்கோஸ் மிகுந்த தேனுக்குக் கூடும். குப்பியில் உள்ள தேன் எந்த வகையைச் சேர்ந்தது என்பது வாங்குவோருக்குத் தெரிவதில்லை. மேலும், சர்க்கரைப் பாகு கலந்த தேன் சந்தையில் பரவலாக இருப்பதை அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு சுட்டிக்காட்டியது. கலப்படத் தேனுக்கு மலர்த் தேனின் குறியீட்டைப் பொருத்திப் பார்ப்பதில் பொருளில்லை.

பனைச் சர்க்கரையின் குறியீடு 35 மட்டுமே என்ற கூற்று இணையத்தில் அடிக்கடி தென்படும். அது பிலிப்பைன்ஸ் நாட்டில் தென்னஞ்சர்க்கரையைக் கொண்டு எடுத்த அளவீடு. அதே வகைச் சர்க்கரைக்கு ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகப் பட்டியல் தரும் மதிப்பு 54. ஒரே பொருளுக்கு இவ்வளவு வேறுபாடு உள்ள நிலையில், தென்னஞ்சர்க்கரையின் மிகக் குறைந்த எண்ணை எடுத்து, வேறொரு மரத்தின் சாற்றிலிருந்து வேறு முறையில் காய்ச்சப்படும் கருப்பட்டிக்குச் சூட்டுவது பொருந்தாது.

அளவு மாறும்போது கணக்கு மாறும்

குறியீட்டு எண்ணைக் கையாளும்போது மறக்கப்படும் செய்தி இதுதான்: அது சம அளவு மாவுச்சத்தை ஒப்பிடுகிறது, சம கரண்டிகளை ஒப்பிடுவதில்லை.

தேக்கரண்டியின் விளிம்புக்குச் சமமாக எடுத்த வெள்ளைச் சர்க்கரை சுமார் 4 கிராம் இருக்கும். தேன் அடர்த்தி மிக்கது. அதே தேக்கரண்டியில் சுமார் 7 கிராம் நிற்கும். அதில் நீரைக் கழித்தாலும் மாவுச்சத்து ஏறத்தாழ 6 கிராம். எனவே 2 கரண்டி சர்க்கரைக்குப் பதிலாக 2 கரண்டி தேன் சேர்ப்பவர், 8 கிராமுக்குப் பதிலாக 12 கிராம் மாவுச்சத்தை உட்கொள்கிறார். தேனின் குறியீடு சற்றுக் குறைவாக இருந்தாலும் அந்த ஆதாயம் கரண்டியிலேயே கரைந்துபோகிறது.

எடையைச் சமமாக்கிப் பார்த்தாலும் வேறுபாடு சிறியதே. 15 கிராம் வெள்ளைச் சர்க்கரை செரிக்கும்போது சுமார் 8 கிராம் குளுக்கோஸ் வெளிப்படும். அதற்கு ஈடான மாவுச்சத்து உள்ள 18 கிராம் தேனிலிருந்து, பிற சர்க்கரைகள் பிரிந்து தருவதையும் சேர்த்து, சுமார் 7 கிராம் கிடைக்கும். ஒரு கிராம் அளவிலான இந்த வேறுபாட்டுக்கு அருகில், அதே வேளையில் உண்ணும் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சோறோ தரும் குளுக்கோஸ் பல மடங்கு.

வெல்லத்தில் ஏமாற்றுவது கட்டியின் உருவம். 20 கிராம் எடையுள்ள ஒரு சிறு கட்டியில் 17 கிராம் மாவுச்சத்து உள்ளது. அது 4 தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரைக்குச் சமம். உணவுக்குப் பின் "செரிமானத்துக்காக" ஒரு கட்டி வெல்லம் வாயில் போடும் வட இந்தியப் பழக்கம் உள்ளவர், இனிப்பில்லாத தேநீர் குடித்துச் சேமித்ததை அந்த ஒரு கட்டியில் திரும்பப் பெற்றுவிடுகிறார்.

ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். அதில் 40 கிராம் பச்சரிசியும் 10 கிராம் பாசிப்பருப்பும் 60 கிராம் வெல்லமும் இருப்பதாகக் கொண்டால், அரிசியிலிருந்து சுமார் 31 கிராம், பருப்பிலிருந்து 5 கிராம், வெல்லத்திலிருந்து 51 கிராம் என மொத்தம் 87 கிராம் மாவுச்சத்து வருகிறது. வெல்லத்துக்குப் பதிலாக ஏறத்தாழ அதே இனிப்புக்கு 50 கிராம் வெள்ளைச் சர்க்கரை சேர்த்தால் மொத்தம் 86 கிராம். உடலுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் வெல்லத்தில் செய்ததே ஆனாலும் அதை அரைக் கிண்ணமாகக் குறைத்தால் மொத்தம் 43 கிராமுக்கு இறங்குகிறது. அளவீட்டில் தெரியக்கூடிய மாற்றத்தைத் தருவது இதுதான்.

மனிதர்களிடம் நடத்திய ஆய்வுகள்

ஒரு வேளை அளவீட்டைத் தாண்டி, நாள்தோறும் உண்டால் என்ன ஆகும் என்பதைச் சோதித்த ஆய்வுகளும் உள்ளன. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் இயல்பாக உள்ளவர்களும் குறைந்துவிட்டவர்களும் சேர்ந்து 55 பேர் பங்கேற்றனர். ஒவ்வொருவரும் 2 வாரம் தேன், 2 வாரம் வெள்ளைச் சர்க்கரை, 2 வாரம் ஃபிரக்டோஸ் மிகுந்த சோளப் பாகு என்ற வகையில், நாளொன்றுக்கு 50 கிராம் மாவுச்சத்து கிடைக்குமாறு உட்கொண்டனர். ரத்த குளுக்கோஸிலும் இன்சுலினிலும் மூன்றுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மூன்றுமே ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பை உயர்த்தின.

ஈரானில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. 8 வாரம் தேன் உண்டவர்களின் உடல் எடையும் சில கொழுப்பு அளவுகளும் மேம்பட்டன. ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி உயர்ந்தது. தேனில் பிற நன்மைகள் இருக்கலாம். அவை ரத்தச் சர்க்கரைக்கு விலக்கு அளிக்கவில்லை.

தேன் உண்ட பின் குளுக்கோமீட்டர் சற்றுக் குறைந்த எண்ணைக் காட்டினாலும், உள்ளே சென்ற ஃபிரக்டோஸ் மறைந்துவிடுவதில்லை. அது கல்லீரலுக்குச் செல்கிறது. ஒரு பகுதி அங்கே குளுக்கோஸாக மாறுகிறது. மிகுதியாக உண்டால் ஒரு பகுதி கொழுப்பாகிறது. கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்களுக்கு மீட்டரின் எண் மட்டுமே போதிய வழிகாட்டி ஆகாது.

இரும்புச்சத்துக்காக வெல்லம்?

வெல்லத்தில் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் 10 கிராம் வெல்லத்தில் கிடைப்பது சுமார் அரை மில்லிகிராம் அளவே. இந்தியப் பெண்களுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படுவது 29 மில்லிகிராம். இந்தத் தேவையை வெல்லத்தால் நிரப்ப முயல்பவர், அதற்கு முன்பே பெருமளவு சர்க்கரையை உட்கொண்டிருப்பார். கீரை, பருப்பு, இறைச்சி ஆகியவை இதே பணியைச் சர்க்கரை இல்லாமல் செய்கின்றன.

வீட்டில் அளந்து பார்ப்பது எப்படி?

"எனக்கு வெல்லம் ஒத்துக்கொள்கிறது, மீட்டரே காட்டுகிறது" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஒப்பீடு நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமானால் சில நிபந்தனைகள் தேவை.

முதலாவது, சம மாவுச்சத்து. சமையலறைத் தராசில் 15 கிராம் வெள்ளைச் சர்க்கரைக்கு ஈடாக 18 கிராம் வெல்லமோ 18 கிராம் தேனோ எடுக்க வேண்டும். இரண்டாவது, உடன் உண்ணும் காலை உணவு, மருந்து, நேரம், நடை ஆகியவை மாறக் கூடாது. மூன்றாவது, உணவுக்கு முன் ஓர் அளவீடும், முதல் கவளத்திலிருந்து கணக்கிட்டு 1 மணி நேரத்திலும் 2 மணி நேரத்திலும் அளவீடுகளும் எடுத்து, இறுதி எண்ணை அல்லாமல் உயர்வை ஒப்பிட வேண்டும். நான்காவது, ஒவ்வோர் இனிப்பையும் குறைந்தது மூன்று நாள்களில் சோதிக்க வேண்டும். ஒரே உணவுக்கு ஒரே மனிதரின் உடல் இரு நாள்களில் இரு விதமாக வினைபுரிவது இயல்பு.

எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு வெள்ளைச் சர்க்கரை உண்ட நாளில் 124-லிருந்து 186 ஆகவும், வெல்லம் உண்ட நாளில் 118-லிருந்து 171 ஆகவும் உயர்ந்தது எனக் கொள்வோம். உயர்வு முறையே 62-உம் 53-உம். வெல்லம் வென்றதாகத் தோன்றும். ஆனால் வீட்டு மீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 தரநிலை, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரையிலான விலகலை ஏற்கிறது. ஆகவே 186 என்பது 158 முதல் 214 வரை எங்கும் இருக்கக்கூடும். 171 என்பது 145 முதல் 197 வரை. இரு வரம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. 9 புள்ளி வேறுபாட்டைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது.

இன்னொரு பிழை விரல் நுனியில் நிகழ்கிறது. தேனையோ வெல்லத்தையோ தொட்ட கையைக் கழுவாமல் ரத்தத் துளி எடுத்தால், தோலில் ஒட்டியுள்ள சர்க்கரை துளியில் கலந்து எண் பொய்யாக உயரும். சோப்பும் நீரும் கொண்டு கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்பே குத்த வேண்டும். எதிர்பாராத அளவுக்கு உயர்ந்த எண் வந்தால், கையைக் கழுவி மீண்டும் ஒரு முறை சோதிப்பது முதல் வேலை.

உணவுக்கு முன்னரே அளவு 180-க்கு மேல் உள்ளவர்களும், இன்சுலின் அளவு அண்மையில் மாற்றப்பட்டவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இச்சோதனையில் இறங்கக் கூடாது. பெரும்பாலான வளர்ந்தோருக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வகுத்துள்ள இலக்கு, உணவு தொடங்கி 1 முதல் 2 மணி நேரத்தில் 180-க்குக் கீழ் என்பதாகும். வயதையும் பிற நோய்களையும் பொறுத்து மருத்துவர் இதை மாற்றக்கூடும்.

வேறுபாடு உண்மையில் முக்கியமாகும் ஓர் இடம்

சர்க்கரை வகைகளுக்கிடையிலான வேறுபாடு உயிர்காக்கும் ஒரு சூழ்நிலையும் உண்டு. அது அளவு உயரும்போது அல்ல, 70-க்குக் கீழ் தாழும்போது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை தாழ்நிலையின் அறிகுறிகள். அப்போது 15 கிராம் விரைவுச் சர்க்கரை உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும் என்பது பொது விதி. பெரும்பாலானோருக்கு வெள்ளைச் சர்க்கரை கரைத்த நீரோ தேனோ இதற்குப் போதும்.

ஆனால் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மருந்து உட்கொள்பவர்களுக்கு இது பொருந்தாது. சிறுகுடலில் சுக்ரோஸைப் பிரிக்கும் அதே நொதியைத் தடுப்பதே இம்மருந்துகளின் வேலை. இவை தனியாக அரிதாகவே அளவைத் தாழ்த்தும். ஆனால் கிளிமிபிரைடு போன்ற மருந்துடனோ இன்சுலினுடனோ சேரும்போது தாழ்நிலை வரலாம். இந்தியாவில் மூன்று மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரைகளில் வோக்லிபோஸ் இடம்பெறுவது வழக்கம் என்பதால், தாம் அதை உட்கொள்வதைப் பலர் அறிவதில்லை. இவர்களுக்குத் தாழ்நிலையில் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, கற்கண்டு எது கொடுத்தாலும் அது பிரிந்து ரத்தத்தில் சேரத் தாமதமாகும். மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் தூளே வேண்டும். அதற்கு நொதியின் உதவி தேவையில்லை. மாத்திரை அட்டையில் உள்ள மருந்துப் பெயர்களை ஒரு முறை படித்துவிட்டு, குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றைப் பையில் வைத்திருப்பது நல்லது. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

எவ்வளவு வரை?

உலக சுகாதார அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரைகளை மட்டுமன்றித் தேனிலும் பாகுகளிலும் பழச்சாறுகளிலும் இயல்பாக உள்ள சர்க்கரையையும் ஒரே தலைப்பின்கீழ் வைக்கிறது. இவை அனைத்தும் சேர்ந்து நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குக் கீழ் இறக்கினால் மேலும் நன்மை. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். இக்கணக்கில் வெல்லத்துக்கோ தேனுக்கோ தனிச் சலுகை இல்லை.

சுவைக்காக ஒருவர் கருப்பட்டியைத் தேர்ந்தெடுப்பதில் தவறேதும் இல்லை. அதன் மணம் அழுத்தமானது என்பதால் குறைந்த அளவிலேயே நிறைவு கிடைக்குமானால், அதுவே உண்மையான ஆதாயம். அந்த ஆதாயம் குறைத்த கிராமிலிருந்து வருகிறது. மாற்றிய நிறத்திலிருந்து வருவதில்லை. கரண்டியால் அள்ளுவதை விட்டு ஒரு வாரம் தராசில் எடை போட்டுப் பார்ப்பவருக்கு, தமது அளவீடு ஏன் இறங்கவில்லை என்பதற்கான விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.